முப்பது கிராம் ட்யூப்

போன வருஷம் மே மாதம் முழுக்க என்னை இரவில் எழுப்பியது அம்மாவின் வளையல் சத்தம்தான். ராத்திரி ஒன்றரை, இரண்டு மணி இருக்கும். ஒரே தாளத்தில் சலக் சலக்கென்று கேட்கும். எழுந்து விளக்கைப் போட்டால் அம்மா கட்டிலில் உட்கார்ந்து, புடவையை முழங்கால் வரைக்கும் ஏற்றிவிட்டு, இரண்டு கைகளாலும் காலைச் சொறிந்துகொண்டிருப்பார். வயது எழுபத்தாறு. முழங்காலுக்குக் கீழே முன்பக்கத் தோல் முழுவதும் பாளம் பாளமாக வெடித்து, வெடிப்பின் ஓரமெல்லாம் சிவந்து, சில இடங்களில் நகம் பட்டு ரத்தம் கசிந்திருந்தது. படுக்கை விரிப்பில் வெள்ளை வெள்ளையாகச் செதில் உதிர்ந்து கிடக்கும். "கோடையில நம்ம வயலு கெடக்குமே, அது மாதிரி ஆயிடுச்சு பாரு" என்றார் ஒருநாள். மன்னார்குடிப் பக்கம் பிறந்து வளர்ந்தவருக்கு அந்த உவமை தேட வேண்டியதே இல்லை.

கேட்டவர்கள் எல்லோரும் சொன்னது ஒன்றுதான். ஏசிதான் காரணம், அதை அணைச்சுப் போடு. அண்ணன் சொன்னான், மேல்வீட்டு மாமி சொன்னார், மருந்துக்கடைக்காரரும் சொன்னார். நானும் நம்பினேன். நாலு நாள் அணைத்துவிட்டு ஜன்னலைத் திறந்து வைத்தேன். சென்னை மே மாதம், கேட்கவா வேண்டும். அம்மாவுக்கு வியர்த்து வழிந்து, அந்த உப்பு வெடிப்புக்குள் இறங்கி எரிச்சல் கூடுதலாக வந்து, தூக்கமும் போயிற்று. ஐந்தாம் நாள் "அத போட்டுத் தொலைடி, அரிச்சாலும் பரவால்ல" என்று அவரே சொல்லிவிட்டார். ஏசி மேல் பழி போட்டது முழுத் தப்பும் இல்லை, முழுக்கச் சரியும் இல்லை என்பது எனக்கு விளங்கப் பல வாரம் ஆயிற்று. அதற்குள் அம்மாவின் காலில் நான் செய்து பார்த்தவை பல. அவற்றில் பாதி, புண்ணில் உப்பு தேய்த்த கதைதான்.

பால்கனி வாளி

எங்கள் படுக்கையறை ஏசியின் வடிகுழாய் பால்கனியில் ஒரு வாளிக்குள் விழுகிறது. இரவெல்லாம் ஓடினால் காலையில் வாளி நிறைந்திருக்கும். அது எங்கிருந்து வருகிற தண்ணீர் என்று நான் யோசித்ததே இல்லை. அறைக் காற்றில் இருந்த ஈரம்தான் அது. உள்ளே இருக்கிற குளிர்ந்த சுருளில் காற்று படும்போது, ஐஸ் தண்ணீர் டம்ளருக்கு வெளியே வியர்ப்பது போல ஈரம் நீராகி வடிகிறது, காய்ந்த காற்று அறைக்குத் திரும்பி வருகிறது. ஈரப்பதம் காட்டுகிற ஒரு சின்னக் கருவி வாங்கி வைத்துப் பார்த்தேன். மாலையில் 78 சதவீதம் காட்டியது, நான்கு மணி நேரம் ஏசி ஓடிய பிறகு 46க்கு வந்திருந்தது. இள வயதுத் தோலுக்கு 46 ஒரு பொருட்டே இல்லை. அதே அறையில், அதே கட்டிலில்தான் நானும் படுக்கிறேன். என் காலுக்கு ஒன்றும் ஆகவில்லை.

வித்தியாசம் தோலில் இருக்கிறது. நம் தோலின் மேல் அடுக்கு, செத்துத் தட்டையான செல்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியது. இடையிடையே ஒருவித கொழுப்பு பூசியிருக்கும், அதுதான் உடம்பின் ஈரம் வெளியே போகாமல் தடுக்கிறது. வயதாக ஆக அந்தக் கொழுப்பு குறைகிறது, எண்ணெய்ச் சுரப்பிகளும் வியர்வைச் சுரப்பிகளும் சோர்ந்துபோகின்றன. கணைக்காலின் முன்பக்கத்தில் எண்ணெய்ச் சுரப்பிகள் முதலிலிருந்தே குறைவு, அதனால் வறட்சி பெரும்பாலும் அங்கேதான் முதலில் தெரியும். மேல் அடுக்கு காய்ந்தால் சுருங்கி விறைத்துப்போகும், பிறகு நடக்கும்போதும் மடக்கும்போதும் இழுபட்டு வெடிக்கும். வெடிப்பு வழியாக இன்னும் ஈரம் போகும். சோப்பு, தூசு, வியர்வை எதுவானாலும் அதே வழியாக உள்ளே போய் உறுத்தும்.

அறைக்குள் ஒரு அகலப் பாத்திரத்தில் தண்ணீர் வைத்தால் காற்று ஈரமாகும் என்று யாரோ சொல்ல, அதையும் செய்தேன். பலன் ஒன்றும் தெரியவில்லை. யோசித்தால் புரிகிறது, பாத்திரத்திலிருந்து ஆவியாகிற கொஞ்சத்தையும் ஏசி பிடித்துப் பால்கனி வாளியில்தான் கொண்டு சேர்க்கும். உண்மையில் உதவியது வேறு சின்ன விஷயங்கள். 23இல் இருந்ததை 27க்கு ஏற்றினேன். காற்று கட்டிலின் கால்மாட்டில் நேராக இறங்கிக்கொண்டிருந்தது, அந்தத் தகட்டை மேல்நோக்கித் திருப்பினேன். வீசுகிற காற்று நேராகத் தோலில் பட்டால் ஈரம் வேகமாகப் போகும், துணி உலர்த்துகிற கணக்குதான். காலுக்கு ஒரு பழைய நூல் சேலையை இரண்டாக மடித்துப் போர்த்திவிட்டேன். அரிப்பு கொஞ்சம் தணிந்தது, வெடிப்பு அப்படியே இருந்தது.

டாக்டர் கேட்ட கேள்வி

ஜூன் கடைசியில்தான் தோல் டாக்டரிடம் போனோம். அதுவரை மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய ஒரு களிம்பு இருந்தது, படர்தாமரை என்று சொல்லிக் கொடுத்தார்கள். போட்டால் இரண்டு நாள் சுகமாக இருக்கும், நிறுத்தினால் இன்னும் மோசமாக வரும். டாக்டர் அந்த அட்டைப்பெட்டியைத் திருப்பிப் பார்த்து, இதில் வீரியமான ஸ்டீராய்டும் பூஞ்சை மருந்தும் கலந்திருக்கிறது, அம்மாவுக்குப் பூஞ்சையே இல்லை என்றார். ஏற்கெனவே மெலிந்துபோன வயசான தோலை இந்த மாதிரி ஸ்டீராய்டு, மாதக்கணக்கில் போட்டால், இன்னும் மெலிய வைக்குமாம். அரிப்புக்கென்று நான் ராத்திரி கொடுத்துவந்த மாத்திரையையும் நிறுத்தச் சொன்னார். வறட்சியால் வருகிற அரிப்புக்கு அது பெரிதாகக் கேட்காது, தூக்கக் கலக்கத்தோடு பாத்ரூமுக்கு எழுந்து போகும்போது விழுந்தால் இடுப்பெலும்பு போகும் என்றார். தண்ணீர் குடிக்காததால் வருகிறதா என்று கேட்டேன். குடிக்கட்டும், ஆனால் குடிக்கிற தண்ணீர் இந்த வெடிப்பை ஆற்றாது என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்.

பிறகு என் பையிலிருந்த மாய்ஸ்சரைசர் ட்யூபைக் கையில் எடுத்தார். 30 கிராம் ட்யூப். நல்ல க்ரீம்தான், தப்பில்லை என்றார். "இது எத்தனை நாளைக்கு வருது?" என்று கேட்டார். நான் கொஞ்சம் பெருமையாகவே, இரண்டு மாதம் வரும் டாக்டர், தினமும் விடாமல் போடுகிறேன் என்றேன்.

அவர் என் ஆள்காட்டி விரலை நீட்டச் சொன்னார். நுனியிலிருந்து முதல் மடிப்புக் கோடு வரைக்கும் ட்யூபிலிருந்து ஒரு கோடு பிதுக்கினார். இது சுமார் அரை கிராம் என்றார். இந்த அரை கிராம், விரல்களோடு சேர்த்து இரண்டு உள்ளங்கை அளவு தோலுக்குத்தான் போதும். ஒரு காலுக்கு இப்படி ஆறு கோடு, பாதத்துக்கு இரண்டு, ஆக எட்டு. இரண்டு காலுக்கும் பதினாறு, அதாவது 8 கிராம். தினம் இரண்டு வேளை என்றால் 16 கிராம். மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் எழுதியே காட்டினார். இந்த ட்யூப் இரண்டு நாளைக்குக்கூட வரக்கூடாது. ஒரு வாரத்துக்கு 112 கிராம் ஆகவேண்டும்.

வீட்டுக்கு வரும் வழியில் ஆட்டோவில் உட்கார்ந்து நான் மீதிக் கணக்கைப் போட்டேன். 30 கிராமை அறுபது நாளுக்குப் பிரித்தால் நாளைக்கு அரை கிராம். முப்பத்திரண்டு கோடு போட வேண்டிய காலுக்கு நான் ஒரே ஒரு கோடு போட்டுக்கொண்டிருந்திருக்கிறேன். அதுவும் நகைக்கடையில் பொன் நிறுப்பது போலக் கணக்குப் பார்த்து, வெடிப்பின் மேல் மட்டும் தொட்டுத் தொட்டு வைத்தேன். இத்தனை நாளாக ஒவ்வொரு க்ரீமையும் "இதுவும் கேட்கல" என்று தூக்கிப் போட்டேனே, அவற்றில் ஒன்றுகூட அம்மாவின் காலுக்குச் சரியான அளவில் போய்ச் சேர்ந்திருக்கவில்லை. இது என் மனதை ரொம்ப நாள் அறுத்தது. மருந்து கேட்கவில்லை என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். எவ்வளவு போடவேண்டும் என்று யாரும் சொல்வதும் இல்லை, நாம் கேட்பதும் இல்லை.

அப்புறம் சின்ன ட்யூபை விட்டுவிட்டேன். வெள்ளை பாரஃபினும் திரவ பாரஃபினும் கலந்த, மணமே இல்லாத க்ரீம் பெரிய டப்பாவில் கிடைக்கிறது, கிராம் கணக்குப் பார்த்தால் விலையும் குறைவு. மணம் வேண்டாம் என்பதை அழுத்திச் சொல்கிறேன், வாசனைப் பொருள்கள் வெடித்த தோலில் ஒவ்வாமையைக் கிளப்பக்கூடும். டப்பாவுக்குள் விரலை விடாமல் ஒரு சுத்தமான ஸ்பூனால் எடுக்கிறோம்.

குளியல்

ஏசி பாதிக் காரணம் என்றால் மீதிப் பாதி குளியலறையில் இருந்தது. டாக்டர் அம்மாவிடம் நேராகவே கேட்டார், வெந்நீர் எவ்வளவு சூடு? "கைய வெச்சா சுரீர்னு இருக்கணும் டாக்டர், அப்பதான் அந்த அரிப்பு அடங்குது" என்றார் அம்மா. சூடு பட்டதும் அரிப்பு அடங்குவது நிஜம். அரை மணி நேரம் கழித்து இரண்டு மடங்காகத் திரும்பி வருவதும் நிஜம். அந்தச் சூடு தோலில் மிச்சமிருக்கிற எண்ணெயையும் கரைத்துக்கொண்டு போகிறது. அதோடு அம்மா தலை முதல் கால் வரை சோப்புப் போட்டு, பீர்க்கங்காய் நாரால் காலைத் தேய்ப்பார், செதில் போகவேண்டும் என்று. எங்கள் அடுக்ககத்தில் போர்வெல் தண்ணீர், உப்பு. சோப்பு நுரைக்காது, அதனால் இன்னும் கொஞ்சம் போடுவார், அந்தப் பிசுக்கு தோலிலேயே தங்கும். நானோ கிருமி வந்துவிடுமே என்று வாளியில் ஒரு மூடி கிருமிநாசினி ஊற்றிக் கொடுத்திருந்தேன். புண்ணாகிற தோலுக்கு இதைவிடக் கெடுதல் செய்ய முடியாது.

இப்போது நடக்கிற குளியல் இதுதான். வெதுவெதுப்பான தண்ணீர், முழங்கையை விட்டுப் பார்த்தால் சூடு உறைக்கக் கூடாது. பத்து நிமிஷத்துக்குள் முடியும். சோப்பு அக்குளுக்கும் தொடையிடுக்கிற்கும் பாதத்துக்கும் மட்டும், கைகாலுக்குத் தண்ணீரே போதும். அந்தச் சோப்பும் சாதாரண சோப்பு இல்லை, சோப்பில்லாத சோப்புக்கட்டி என்று மருந்துக்கடையில் கிடைப்பது. சாதாரண சோப்பின் pH அளவு 9, 10 என்று காரமாக இருக்கும், நம் தோலோ 5 பக்கம் லேசான அமிலத்தில் இருக்கிறது. நார் குப்பைக்குப் போயிற்று. அம்மா அதை இரண்டு முறை எடுத்து வந்தார், மூன்றாம் முறை நான் துண்டு துண்டாக நறுக்கிப் போட்டேன்.

குளித்ததும் துண்டால் தேய்க்காமல் ஒற்றி எடுக்கிறோம். தோல் இன்னும் ஈரமாக இருக்கும்போதே, இரண்டு மூன்று நிமிஷத்துக்குள் க்ரீம். அந்த நேரம்தான் முக்கியம். க்ரீம் தண்ணீரைக் கொண்டுவருவதில்லை, இருக்கிற தண்ணீரைப் பூட்டி வைக்கிறது. காய்ந்த காலில் தடவினாலும் உள்ளிருந்து வருகிற ஈரத்தைப் பூட்டும், ஈரமான காலில் பூட்டி வைக்க இன்னும் கொஞ்சம் இருக்கும். முழங்காலிலிருந்து கீழ்நோக்கி, முடி படிகிற திசையிலேயே நீவிவிட வேண்டும், அழுத்தித் தேய்த்தால் முடிக்காலில் கொப்புளம் வரும். விரலிடுக்குகளில் போடக்கூடாது, அங்கே ஈரம் தங்கினால் சேற்றுப்புண் பிடிக்கும். குதிகாலின் பித்தவெடிப்புக்கு மட்டும் யூரியா கலந்த க்ரீம் தனியாக, அதுவும் ஆழமாக வெடித்துத் திறந்திருக்கும்போது வேண்டாம், எரியும். ரத்தம் கசிந்த சிவந்த வெடிப்புகளுக்கு டாக்டர் எழுதிக்கொடுத்த மிதமான ஸ்டீராய்டு ஆயின்மென்ட், பத்து நாள், இரவில் ஒருமுறை. அத்தோடு நிறுத்தம்.

தேங்காய் எண்ணெய் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். அம்மாவும் கேட்டார். அது மோசமில்லை. பிலிப்பைன்ஸில் செய்த ஒரு சின்ன ஆய்வு 2004இல் வெளிவந்தது. வறண்ட கால் தோலுக்கு இரண்டு வாரம் கன்னித் தேங்காய் எண்ணெயையும் கனிம எண்ணெயையும் போட்டுப் பார்த்தார்கள், இரண்டும் ஒரே அளவு உதவின. ஆனால் அது லேசான, நடுத்தர வறட்சிக்கு. சிவந்து வெடித்த காலுக்குத் தடிமனான க்ரீம்தான் வேண்டும். நாங்கள் எண்ணெய் தேய்க்கிற விதத்திலும் கோளாறு இருந்தது. குளிப்பதற்கு முன் தடவி, ஊறவைத்து, அப்புறம் சீயக்காயும் கடலைமாவும் போட்டு எடுத்துவிடுவோம், வந்ததும் போய் இருந்ததும் போகும். இப்போது அம்மா கைகளுக்கு எண்ணெய்தான் போட்டுக்கொள்கிறார், குளித்த பிறகு, ஈரத்தின் மேல்.

மூன்றாம் நாள் இரவு வளையல் சத்தம் கேட்கவில்லை. அது எனக்குப் பழகிப்போயிருந்ததால் இரண்டு மணிக்குத் தானாக விழிப்பு வந்து, கேட்கவில்லையே என்று பயந்து எழுந்துபோய்ப் பார்த்தேன். தூங்கிக்கொண்டிருந்தார். இரண்டு வாரத்தில் வெடிப்புகள் மூடின, லேசான பழுப்புக் கோடுகள் மட்டும் தெரிந்தன.

பயமுறுத்திய இரண்டு

முதலாவது, வழுக்கல். க்ரீம் தடவிய பாதத்தோடு டைல்ஸ் தரையில் அம்மா கால் வைத்தபோது சறுக்கி, கதவைப் பிடித்துக்கொண்டார். நல்லவேளை. இப்போது கட்டிலில் உட்கார வைத்துத்தான் தடவுகிறேன், பாதத்துக்குக் கடைசியில், அதற்குமேல் நூல் காலுறை. அது போடாமல் இறங்க விடுவதில்லை.

இரண்டாவது நெருப்பு. இதை யாரும் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். பாரஃபின் க்ரீம் துணியில் ஊறிக் காய்ந்தால் அந்தத் துணி சீக்கிரம் பற்றிக்கொள்ளும், வேகமாகவும் எரியும். சும்மா அலசினால் முழுக்கப் போவதும் இல்லை. அம்மா தினம் காலையில் குத்துவிளக்கு ஏற்றுபவர், கட்டுவதோ நூல் புடவை. அதனால் எங்கள் வீட்டில் விளக்கு முதலில், க்ரீம் பிறகு. சமையலறை அடுப்புப் பக்கம் அந்தப் புடவையோடு போகக்கூடாது. வீட்டில் பீடி, சிகரெட் பிடிக்கிற பெரியவர் இருந்தால் இதை இன்னும் கவனமாக யோசிக்க வேண்டும்.

எல்லா அரிப்பும் வறட்சி இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். கீழ்வீட்டுப் பெரியவருக்கு அரிப்பு என்றதும் நான் ஓடிப்போய் என் கணக்கையெல்லாம் சொன்னேன். அவர் காலில் வறட்சியே இல்லை. விரலிடுக்கிலும் மணிக்கட்டிலும் சின்னச் சின்னப் பொரிகள் இருந்தன, அவரைப் பார்த்துக்கொள்கிற பெண்ணும் சொறிந்துகொண்டிருந்தார். அது சிரங்கு, அதற்கு மருந்தே வேறு, வீட்டிலிருக்கிற எல்லோரும் ஒரே நாளில் போடவேண்டும். தோலில் ஒன்றுமே தெரியாமல் உடம்பெல்லாம் அரித்தால் சிறுநீரகம், ஈரல், தைராய்டு, இரும்புச் சத்து எல்லாம் ரத்தப் பரிசோதனையில் பார்க்கவேண்டும். சாப்பிடுகிற மாத்திரைகளின் பட்டியலையும் கையோடு கொண்டுபோக வேண்டும். தண்ணீர்க் கொப்புளம் கிளம்பினால் காத்திருக்கவே கூடாது. ஒரு கால் மட்டும் சிவந்து, சூடாக, வீங்கி வந்தாலும் அன்றைக்கே டாக்டர். சர்க்கரை உள்ளவர்கள் க்ரீம் போடுகிற சாக்கில் தினம் உள்ளங்காலைத் திருப்பிப் பார்த்துவிடுவது நல்லது, அவர்களுக்கு வெடிப்பு வலிக்காமலே ஆழமாகிவிடும். சரியாக இவ்வளவு போட்டும் இரண்டு வாரத்தில் மாற்றமே இல்லை என்றால், அளவைக் கூட்டிக்கொண்டே போகாமல் திரும்பக் காட்டவேண்டும்.

டப்பா மூடியில் தேதி

ஆறின பிறகு தினம் ஒருவேளை போதும் என்றார் டாக்டர். ஆனால் நிறுத்தக்கூடாது, ஆறியது வெடிப்புதான், தோலின் வயது அப்படியேதான் இருக்கிறது. ஒருவேளை என்றால் காலுக்கு வாரம் 56 கிராம், 500 கிராம் டப்பா ஒன்பது வாரம் வரவேண்டும். நான் ஒவ்வொரு டப்பாவையும் திறக்கும்போது மூடியில் தேதி எழுதிவிடுகிறேன். எவ்வளவு போட்டோம் என்று தினம் அளந்துகொண்டிருக்க முடியாது, டப்பா காட்டிக்கொடுத்துவிடும்.

நவம்பரில் அம்மா கோயம்புத்தூருக்கு அண்ணன் வீட்டுக்கு ஒரு மாதம் போனார். புது டப்பாவைத் திறந்து, தேதி எழுதி, பையில் வைத்து அனுப்பினேன். அண்ணியிடம் விரல் கணக்கெல்லாம் போனில் சொன்னேன். தினமும் போட்டுக்கிறீங்களாம்மா என்று கேட்டால், "போடுறேன் போடுறேன், நீ வேலையப் பாரு" என்பார். திரும்பி வந்ததும் முதலில் பையைத் திறந்து டப்பாவைத்தான் எடுத்தேன். மூடியில் முப்பத்தொரு நாள் முந்தைய தேதி. பாதிக்குப் பக்கத்தில் இறங்கியிருக்க வேண்டியது, மேலே ஸ்பூன் போட்ட ஒரு சின்னக் குழி மட்டும் இருந்தது.

"அங்க குளுருடி, வேர்க்கவே இல்ல, எதுக்குன்னு விட்டுட்டேன்" என்றார் அம்மா. குளிர் என்றால் வெந்நீரும் சூடாகத்தான் போயிருக்கும். புடவையைக் கொஞ்சம் ஏற்றச் சொல்லிப் பார்த்தேன். கணைக்காலில் மெல்லிய வெள்ளைக் கோடுகள் வலை மாதிரி ஓட ஆரம்பித்திருந்தன, இன்னும் சிவக்கவில்லை. வெந்நீரும் பச்சைத் தண்ணீரும் கலந்து முழங்கையை விட்டுப் பார்த்து வாளியை வைத்தேன். குளித்துவிட்டு வந்து கட்டிலில் உட்கார்ந்து, அவரே காலை என் மடியில் நீட்டினார்.

"முப்பத்திரண்டா?" என்றார்.

"ஒரு வாரத்துக்கு முப்பத்திரண்டு. இப்பப் பதினாறு, ராத்திரிப் பதினாறு" என்றேன்.